ஒன்று, இரண்டு, மூன்று திட்ட விலக்கத்துக்குள் விழும் நிகழ்தகவு: பாதியைப் படித்து இரட்டிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயல்நிலைப் பரவல் பாடம் நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் முழுக்க ஒரே எடுத்துக்காட்டோடு போகிறேன். இட்லி மாவு அரைத்து ஒரு கிலோ பாக்கெட்டாகப் போடும் ஒரு சிறு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் எடை X ஓர் இயல்நிலை மாறி, சராசரி 1010 கிராம், திட்ட விலக்கம் 6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.

68, 95, 99.7 என்று மனப்பாடம் செய்துவிட்டேன். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

அட்டவணையில் இருக்கும் மூன்று பரப்புகளிலிருந்து. சராசரியில் நின்றுகொண்டு வலது பக்கமாக மட்டும் நடந்தால், ஒரு திட்ட விலக்கம் வரையுள்ள பரப்பு 0.3413. இரண்டு வரை 0.4772. மூன்று வரை 0.4987. இடது பக்கமும் இதே அளவுதான் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்குகிறோம்:

P(−1 < Z < 1) = 2 × 0.3413 = 0.6826
P(−2 < Z < 2) = 2 × 0.4772 = 0.9544
P(−3 < Z < 3) = 2 × 0.4987 = 0.9974

இங்கே ஒரு சின்னக் குழப்பம் வரும். சில புத்தகங்களில் 0.6826, வேறு சிலவற்றில் 0.6827 என்று இருக்கும். இரண்டாவது 0.9545 என்றும், மூன்றாவது 0.9973 என்றும் போட்டிருப்பார்கள். யாரும் தப்பாக அச்சடிக்கவில்லை. பாதிப் பரப்பு உண்மையில் 0.341345. அதை நான்கு இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 0.3413, பிறகு இரட்டித்தால் 0.6826. முதலில் இரட்டித்துவிட்டுப் பிறகு முழுமையாக்கினால் 0.6827. இரட்டிக்கும்போது முழுமையாக்கலில் வந்த பிழையும் சேர்ந்து இரட்டிக்கிறது, அவ்வளவுதான். தேர்வில் உங்கள் அட்டவணை என்ன தருகிறதோ அதை வைத்து எழுதுங்கள். வேறெங்காவது துல்லியமாகத் தேவைப்பட்டால் 0.6827, 0.9545, 0.9973 என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடது பக்கமும் அதே அளவுதான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? படத்தைப் பார்த்தால் அப்படித் தெரிகிறது, ஆனால் படம் நிரூபணம் ஆகாதே?

சரியான கேள்வி. படத்தை விட்டுவிட்டுச் சூத்திரத்தைப் பாருங்கள். திட்ட இயல்நிலை வளைவரையின் உயரம் இது:

φ(z) = (1/√(2π)) · e^(−z²/2)

இதில் z தனியாக எங்குமே வரவில்லை. z²-ஆக மட்டுமே வருகிறது. z = 1 என்று போட்டாலும் z = −1 என்று போட்டாலும் வர்க்கம் 1தான், உயரம் 0.2420தான். 1.37, −1.37 என்று எந்த ஜோடியை எடுத்தாலும் இதே கதை. வர்க்கப்படுத்தும்போதே கழித்தல் குறி காணாமல் போய்விடுகிறது.

உயரங்கள் சமமாக இருந்தால் பரப்புகளும் சமம் என்று காட்ட ஒரே ஒரு பிரதியிடல் போதும். −1 முதல் 0 வரையுள்ள தொகையீட்டில் u = −z என்று போடுங்கள். எல்லைகள் 1 முதல் 0 என்று மாறும்; dz = −du ஆகும்; φ(−u) = φ(u). அந்தக் கழித்தல் குறியை வைத்து எல்லைகளைத் திருப்பிப் போட்டால் 0 முதல் 1 வரை φ(u)-இன் தொகையீடு கிடைக்கும். அதாவது இடது பாதி எழுத்துக்கு எழுத்து வலது பாதியாகவே ஆகிவிடுகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. மொத்தப் பரப்பு 1, இரண்டு பக்கமும் சமம், ஆகவே சராசரியின் ஒவ்வொரு பக்கத்திலும் சரியாக 0.5. இந்த 0.5-ஐ மறக்காதீர்கள், கீழே பல இடங்களில் வருகிறது.

என் அட்டவணையில் z = 1-க்கு 0.3413 இல்லை, 0.8413 என்று இருக்கிறது. அதை இரட்டித்தேன், 1.6826 வந்தது. எங்கே தப்பு?

விடை 1-ஐத் தாண்டியதால் தப்பு நடந்திருப்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது. அது நல்லதுதான். இதைவிட மோசமான தப்பு 0.8413-ஐ அப்படியே விடையாக எழுதிவிடுவது. அது 0-க்கும் 1-க்கும் நடுவில் இருப்பதால் சந்தேகமே வராது. விடைத்தாள்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

காரணம், அட்டவணைகள் ஒரே மாதிரி அச்சிடப்படுவதில்லை. மூன்று வகை புழக்கத்தில் உள்ளன. முதல் வகை 0-இலிருந்து z வரையுள்ள பரப்பைத் தரும். நம் பள்ளிப் புத்தகங்களில் வருவது பெரும்பாலும் இதுதான். இரண்டாம் வகை இடது கோடியிலிருந்து z வரை மொத்தமாகச் சேர்த்துத் தரும். Φ(z) என்று எழுதுவது இதைத்தான், கணினியும் இதையே தருகிறது. மூன்றாம் வகை z-க்கு அப்பால் வலது வால் பகுதியில் மிச்சமிருக்கும் பரப்பைத் தரும். z = 1-க்கு முறையே 0.3413, 0.8413, 0.1587.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிக்க அட்டவணையின் முதல் எண்ணை, அதாவது z = 0.00-க்கு நேராக இருப்பதைப் பாருங்கள். அங்கே 0.0000 என்று இருந்தால் முதல் வகை. 0.5000 என்று இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. கீழே போகப் போக எண் கூடினால் இரண்டாம் வகை, குறைந்தால் மூன்றாம் வகை. இதற்கு ஐந்து விநாடி போதும், தயவுசெய்து ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள்.

மூன்றிலிருந்தும் ஒரே விடைக்கு வந்துசேரலாம்:

முதல் வகை: 2 × 0.3413 = 0.6826
இரண்டாம் வகை: 2 × 0.8413 − 1 = 0.6826
மூன்றாம் வகை: 1 − 2 × 0.1587 = 0.6826

இரண்டாம் வரியில் ஏன் 1-ஐக் கழிக்கிறோம்? 0.8413-க்குள் இடது பாதியின் 0.5 முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் 0.3413. அதை இரட்டித்தால் 2 × (0.8413 − 0.5), அதாவது 2 × 0.8413 − 1. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட "0.5-ஐக் கழித்து இரட்டி" என்று நினைவில் வைத்தால் குழம்பாது. மூன்றாம் வரி இன்னும் எளிது. வலது வால் 0.1587 என்றால் சமச்சீரால் இடது வாலும் 0.1587. இரண்டையும் வெட்டி எறிந்தால் நடுப்பகுதி மிஞ்சும்.

Z-க்குப் புரிந்தது. ஆனால் பாக்கெட்டின் எடை 1010, 6 என்று இருக்கிறதே. அதற்கும் எப்படி அதே 0.6827?

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள் என்றால் 1004-க்கும் 1016-க்கும் இடையில். Z = (X − 1010)/6 என்று மாற்றினால், 1004 என்பது (1004 − 1010)/6 = −1 ஆகிறது; 1016 என்பது +1 ஆகிறது. கேள்வி P(−1 < Z < 1) ஆகிவிட்டது.

பொதுவாக எழுதினாலும் இதேதான் நடக்கும். μ − kσ, μ + kσ என்ற எல்லைகளில் μ-ஐக் கழித்தால் −kσ, kσ மிஞ்சும். σ-ஆல் வகுத்தால் −k, k மட்டும். μ கழித்தலில் போய்விட்டது, σ வகுத்தலில் போய்விட்டது. எடை கிராமில் இருந்தாலும் உயரம் சென்டிமீட்டரில் இருந்தாலும், மாறி இயல்நிலைப் பரவலில் இருக்கும்வரை நிகழ்தகவு k-ஐ மட்டுமே பொறுத்தது.

ஆக, 1000 பாக்கெட்டில் சுமார் 683 பாக்கெட் 1004 முதல் 1016 வரை இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 998 முதல் 1022 வரை சுமார் 954 அல்லது 955. 992 முதல் 1028 வரை சுமார் 997. எல்லைக்கு வெளியே முதலில் 317, அப்புறம் 45, அப்புறம் 3. இந்த இறக்கம் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் வெறும் 6 கிராம்தான் தள்ளிப் போனோம்.

≤ போட வேண்டுமா, < போட வேண்டுமா?

எடை போன்ற தொடர் மாறிக்கு இரண்டும் ஒன்றுதான். சரியாக 1004.000… என்ற ஒற்றைப் புள்ளியின் மேல் பரப்பு பூஜ்யம். எண்ணிக்கைகளுக்கு இது பொருந்தாது. அதைக் கீழே நாணயக் கேள்வியில் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது நடுப்பகுதி இல்லை. 998 கிராமுக்குக் கீழே போகும் பாக்கெட் எத்தனை சதவீதம்?

நடுப்பகுதி தெரிந்தால் இதுவும் தெரிந்த மாதிரிதான். 998 என்பது சராசரிக்குக் கீழே இரண்டு திட்ட விலக்கம். இரண்டுக்குள் இருப்பது 0.9545 என்றால் வெளியே இருப்பது 0.0455. அது இரண்டு வாலிலும் சமமாகப் பிரிகிறது. ஒரு வாலுக்கு 0.02275, அதாவது ஆயிரத்தில் சுமார் 23 பாக்கெட்.

இந்தப் பாதியாக்கலை மறப்பதுதான் இங்கே வழக்கமான தப்பு. "95 சதவீதம் உள்ளே, ஆகவே 5 சதவீதம் எடை குறைவு" என்று எழுதிவிடுவார்கள். வெளியே இருப்பவற்றில் பாதி எடை கூடிய பாக்கெட். 1022 கிராமுக்கு மேல் மாவு கிடைத்தவர் யாரும் கடைக்காரரிடம் சண்டைக்கு வரப்போவதில்லை. கேள்வி ஒரு பக்கத்தைக் கேட்கிறதா, இரண்டு பக்கத்தையும் கேட்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

எல்லைகள் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் இல்லையென்றால் சமச்சீர் உதவுமா? 1004-க்கும் 1022-க்கும் நடுவில் என்று கேட்டால்?

இரட்டிக்க முடியாது, ஆனால் சமச்சீர் அப்போதும் உதவும். −1-இலிருந்து 2 வரை வேண்டும். சராசரியில் வெட்டுங்கள். வலது துண்டு 0 முதல் 2 வரை: 0.4772. இடது துண்டு −1 முதல் 0 வரை. எதிர்மறை z முதல் வகை அட்டவணையில் இருக்காது, ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அது 0 முதல் 1 வரையுள்ள 0.3413-க்குச் சமம். கூட்டினால் 0.8185.

இரண்டு எல்லையும் ஒரே பக்கத்தில் இருந்தால் கழிக்க வேண்டும். 1016 முதல் 1022 வரை: 0.4772 − 0.3413 = 0.1359. கூட்டுவதா கழிப்பதா என்பதை முடிவு செய்ய விரைவாக ஒரு மணிவடிவப் படம் வரைந்து கேட்ட பகுதியை நிழலிடுங்கள். நிழல் சராசரியைத் தாண்டிப் போனால் கூட்டல், தாண்டாவிட்டால் கழித்தல்.

கேள்வியில் X ~ N(1010, 36) என்று இருந்தது. 1010-இலிருந்து 36 கிராம் தள்ளிப் பார்த்தேன், விடை தப்பு என்கிறார்கள்.

அந்த 36 பரவற்படி, திட்ட விலக்கம் இல்லை. நம் பாடப்புத்தகங்களில் N(μ, σ²) என்றுதான் எழுதுவது வழக்கம். வர்க்கமூலம் எடுத்தால் 6. ஆனால் கணினி நிரல்கள் பெரும்பாலும் σ-ஐ நேராகக் கேட்கும். அங்கே 36 என்று கொடுத்தால் அது ஒன்றும் சொல்லாமல் அகலமான ஒரு பரவலுக்கு விடை தந்துவிடும். புத்தகத்திலிருந்து கணினிக்குப் போகும்போது இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சரி, 0.3413-ஐ முதலில் யார் கணக்கிட்டார்கள்? அட்டவணையே இல்லாத காலத்தில் எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. லண்டனில் வாழ்ந்த பிரெஞ்சுக் கணிதர் ஆப்ரகாம் தெ முவாவர் 1733-இல் லத்தீனில் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இந்த எண் வருகிறது. அவர் எடுத்துக்கொண்டது நாணயம் சுண்டுவது போன்ற ஒரு கணக்கு. தலை, பூ இரண்டுக்கும் சம வாய்ப்பு. 3600 முறை சுண்டினால் சராசரியாக 1800 தலை. இன்றைய பேச்சில் திட்ட விலக்கம் √3600-இல் பாதி, அதாவது 30. 1770-க்குக் குறையாமலும் 1830-க்கு மிகாமலும் தலை விழ என்ன வாய்ப்பு என்று பார்த்தார்.

அவர் செய்ததும் பாதியைக் கண்டுபிடித்து இரட்டித்ததுதான். e^(−z²/2) என்பதற்கு நேரான தொகையீடு கிடையாது. ஆகவே அதைத் தொடராக விரித்து உறுப்பு உறுப்பாகத் தொகையிட வேண்டும். 0 முதல் 1 வரை என்றால் இன்றைய குறியீட்டில் இப்படி வரும்:

1 − 1/6 + 1/40 − 1/336 + 1/3456 − 1/42240 + …

கையால் போட்டுப் பாருங்கள். 1-இலிருந்து 0.166667 போனால் 0.833333. 0.025 கூட்டினால் 0.858333. 0.002976 கழித்தால் 0.855357. 0.000289 கூட்டினால் 0.855646. 0.000024 கழித்தால் 0.855622. அடுத்த உறுப்பையும் சேர்த்தால் 0.855624, அதன் பிறகு ஆறாம் இலக்கம் அசையாது. இதை 1/√(2π), அதாவது 0.398942-ஆல் பெருக்கினால் 0.341344.

தெ முவாவர் எழுதியதும் 0.341344தான். இரட்டித்து 0.682688 என்றார். உள்ளே விழுவதற்கும் வெளியே விழுவதற்கும் உள்ள வாய்ப்பு சுமார் 28-க்கு 13 என்றும் சொன்னார். இன்று கணினி தரும் 0.682689-இலிருந்து ஆறாம் இலக்கத்தில் ஒன்று மட்டுமே வித்தியாசம். திட்ட விலக்கம் என்ற பெயரே அப்போது கிடையாது, அந்த நூற்றாண்டும் அடுத்த நூற்றாண்டின் பெரும்பகுதியும் கழிந்துதான் அந்தப் பெயர் வந்தது.

இதே தொடரை 2 வரை எடுத்துப் பார்த்தால் ஏன் அட்டவணை தேவை என்பது புரியும். 2 − 1.3333 + 0.8 − 0.3810 + 0.1481… என்று உறுப்புகள் மெதுவாகத்தான் சுருங்கும். 3-க்கு முதல் சில உறுப்புகள் சுருங்குவதற்குப் பதில் வளரவே செய்யும்: 3, 4.5, 6.075 என்று. முடிவில் சரியான விடைக்கு வரும், ஆனால் கை வலித்துவிடும்.

100 முறை நாணயம் சுண்டினால் சராசரி 50, திட்ட விலக்கம் 5. 45 முதல் 55 வரை தலை விழ 0.6827 என்று எழுதினேன். நண்பன் கணினியில் 0.7287 என்று காட்டுகிறான். இவ்வளவு வித்தியாசமா?

நண்பர் சொல்வது சரி. ஈருறுப்புப் பரவலில் துல்லியமாகக் கணக்கிட்டால் 0.7287தான்.

தலைகளின் எண்ணிக்கை முழு எண். 45, 46, … 55 என்று பதினொரு எண்கள் உள்ளே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு அலகு அகலமுள்ள பட்டையாக வரைந்தால் 45-இன் பட்டை 44.5-இல் தொடங்கும், 55-இன் பட்டை 55.5-இல் முடியும். நீங்கள் 45-இலிருந்து 55 வரை மட்டும் அளந்ததால் இரு ஓரத்திலும் அரைப் பட்டை விடுபட்டது. அரை அரையாக இரண்டு பக்கம், மொத்தம் ஒரு முழுப் பட்டை.

அதைச் சேர்த்துக்கொள்ள 5-க்குப் பதில் 5.5-ஐ எடுங்கள். z = 5.5/5 = 1.1. அட்டவணையில் 0.3643. இரட்டித்தால் 0.7286. நண்பரின் விடைக்கு வந்துவிட்டோம். சுண்டும் எண்ணிக்கை கூடக் கூட இந்த ஓரப் பட்டையின் பங்கு சுருங்கும். தெ முவாவரின் 3600-இல் 30-க்குப் பதில் 30.5 எடுத்தால் 0.6827 என்பது சுமார் 0.691 ஆகும். 100-இல் வந்த இடைவெளியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

சராசரியும் திட்ட விலக்கமும் தெரிந்தால் எந்தத் தரவுக்கும் இந்த 68-95-99.7-ஐப் பயன்படுத்தலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில்தான் நான் வகுப்பில் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன்.

காத்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். கடைக்கு அடுத்த வாடிக்கையாளர் வரும் வரையான நேரம் அடுக்குக்குறிப் பரவலில், சராசரி 10 நிமிடம் என்று வைப்போம். அந்தப் பரவலில் திட்ட விலக்கமும் 10 நிமிடமேதான். ஆகவே ஒரு திட்ட விலக்கத்துக்குள் என்றால் 0 முதல் 20 நிமிடம். சராசரிக்கு இடது பக்கம், 0 முதல் 10 வரை: 1 − e^(−1) = 0.6321. வலது பக்கம், 10 முதல் 20 வரை: e^(−1) − e^(−2) = 0.2325. கூட்டினால் 0.8647, 0.6827 இல்லை.

இங்கே யாராவது பழக்க தோஷத்தில் இடது பாதியை மட்டும் கண்டுபிடித்து இரட்டித்தால் 1.2642 வரும், 1-ஐத் தாண்டிவிடும். வலது பாதியை இரட்டித்தால் 0.4651. இரண்டும் தப்பு, இரண்டும் வேறு வேறு தப்பு. மூன்று திட்ட விலக்கத்துக்கு வெளியே, அதாவது 40 நிமிடத்துக்கு மேல், e^(−4) = 0.0183. இயல்நிலைப் பரவலில் இரண்டு வாலையும் சேர்த்தே 0.0027தான். இங்கே அதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு, அதுவும் முழுக்க வலது பக்கத்தில்.

அப்படியென்றால் சமச்சீராக இருந்தால் போதுமா?

இரட்டிக்க அது போதும். 0.3413 கிடைக்க அது போதாது. சீரான பரவலும் சமச்சீரானதுதான்; அங்கே ஒரு திட்ட விலக்கத்துக்குள் இருப்பது 1/√3 = 0.5774. இரண்டு திட்ட விலக்கம் போவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும், ஏனென்றால் ஓரமே √3 = 1.73 திட்ட விலக்கத்தில் வந்துவிடுகிறது. சமச்சீர் நம் வேலையைப் பாதியாக்குகிறது. அந்தப் பாதி எவ்வளவு என்பதைச் சொல்வது e^(−z²/2) என்ற வடிவம்.

என் தரவு இயல்நிலையா என்று எப்படிச் சோதிப்பது? 200 பாக்கெட் எடை போட்டேன், 136 பாக்கெட் ஒரு திட்ட விலக்கத்துக்குள் இருந்தன. 68 சதவீதம் சரியாக வந்துவிட்டதே?

மொத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இடது பக்கம் எத்தனை, வலது பக்கம் எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். 200-இல் 0.3413 என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 68 எதிர்பார்க்கிறோம். தற்செயலாக 60, 76 என்று வந்தால் கவலை வேண்டாம், இந்த எண்ணிக்கையின் திட்ட விலக்கமே √(200 × 0.3413 × 0.6587), அதாவது சுமார் 6.7. ஆனால் 1004 முதல் 1010 வரை 42, 1010 முதல் 1016 வரை 94 என்று வந்தால்? கூட்டினால் 136, அதே 68 சதவீதம். பக்கவாட்டில் பார்த்தால் எதிர்பார்ப்பிலிருந்து ஏறக்குறைய நான்கு திட்ட விலக்கம் விலகியிருக்கிறது. இது சமச்சீரான தரவு இல்லை.

மாவுக்கு அப்படி ஆகக் காரணமும் இருக்கிறது. நிரப்பும் குழாயின் முனையில் மாவு கெட்டியாகி அடைத்துக்கொண்டால் சில பாக்கெட்டுகளில் எடை நன்றாகக் குறையும். அதே அளவுக்கு எடை கூடுவதற்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. எடைப் பரவல் இடது பக்கமாக நீண்ட வாலோடு இருக்கும். அந்த நிலையில் "998-க்குக் கீழே 2.3 சதவீதம்தான்" என்று பாதியாக்கிச் சொல்வது ஆபத்து; உண்மையில் கீழ் வாலில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

இரண்டு திட்ட விலக்கத்துக்குள் 95 சதவீதம் என்கிறீர்கள், வேறு இடத்தில் 1.96 என்கிறார்கள். எது?

2-க்கு 95.45 சதவீதம். சரியாக 95 வேண்டுமென்றால் ஒவ்வொரு வாலிலும் 0.025 விட வேண்டும், பாதிப் பரப்பு 0.4750. அட்டவணையின் உள்ளே 0.4750-ஐத் தேடினால் z = 1.96. முதலாவது எல்லையைக் கொடுத்துப் பரப்பைக் கேட்கிறது, இரண்டாவது பரப்பைக் கொடுத்து எல்லையைக் கேட்கிறது. தோராயத்துக்கு 2 போதும். நம்பிக்கை இடைவெளி எழுதும்போது 1.96-ஐப் போடுங்கள்.

99.73 சதவீதம் உள்ளே என்றால் மூன்றுக்கு வெளியே போவது நடக்கவே நடக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வெளியே 0.27 சதவீதம், அதாவது சுமார் 370-இல் ஒன்று. ஒரு நாளைக்கு 370 பாக்கெட் போடும் கடையில் சராசரியாக நாளுக்கு ஒன்று. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் 740-இல் ஒன்று, அதாவது 992 கிராமுக்கும் குறைந்த பாக்கெட் இரண்டு நாளைக்கு ஒன்று வரும், இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே.

வால்டர் ஷூஹார்ட் அமெரிக்காவில் 1924-இல் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். அந்த வரைபடங்களில் எல்லைக் கோடுகளை மூன்று திட்ட விலக்கத்தில் போடுவதே வழக்கமானது. மணிக்கு ஒரு அளவு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒழுங்காக ஓடும்போதே ஓர் அளவு கோட்டைத் தாண்டி, வீணாக எச்சரிக்கை மணி அடிப்பது சராசரியாக 370 மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரவு பகலாக ஓடும் தொழிற்சாலையில் அது சுமார் பதினைந்து நாள். கோட்டை இரண்டில் போட்டிருந்தால் 22 மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதாவது தினமும் ஒரு வீண் அலைச்சல்.

கணினியில் சரிபார்க்க என்ன தட்ட வேண்டும்?

R இருந்தால்:

```
k <- 1:3
pnorm(k) - pnorm(-k)
2 * pnorm(k) - 1
```

இரண்டு வரியும் ஒரே விடை தர வேண்டும்: 0.6826895, 0.9544997, 0.9973002. முதல் வரி இரு எல்லைகளையும் நேராகக் கழிக்கிறது. இரண்டாவது சமச்சீரைப் பயன்படுத்துகிறது.

எக்செல்லில்:

```
=2*NORM.S.DIST(1,TRUE)-1
```

`TRUE` என்பதை மறந்து `FALSE` போட்டால் பரப்புக்குப் பதில் வளைவரையின் உயரம், 0.2420, எடுத்துக்கொள்ளப்படும். இரட்டித்து 1 கழித்தால் −0.516 வரும். நிகழ்தகவு எதிர்மறையாக வந்தால் முதலில் அந்தச் சொல்லைப் போய்ப் பாருங்கள்.